மூச்சு விடும் பூக்குவியல்

"ஒரு கால் படாது, ஒரு கம்பி படாது. நான் பொறுப்பு" என்று கோயில் செயலாளரிடம் சரசு வாய்விட்டுச் சொன்னபோது, அந்த வாக்கு பின்னாளில் தன் கழுத்தையே பிடிக்கும் என்று அவள் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் சொல்லியிருப்பாள். அவள் வாய் அப்படி. மனசு ஒன்றை முடிவெடுத்துவிட்டால், மூளையைக் கேட்காமலேயே வாய் கையெழுத்துப் போட்டுவிடும்.

ஃபேரர் பார்க் ரயில் நிலையத்துக்குப் பின்னால், இரண்டு நகைக்கடைகளுக்கு நடுவில் ஒண்டிக்கொண்டிருக்கிற பூக்கடை அவளுடையது. பக்கத்துத் தெருக் கோயிலுக்கு இருபது வருஷத்துக்கு மேலாக அவள்தான் மாலை கட்டுகிறாள். காலையில் சாமி கழுத்தில் ஏறுகிற மாலை மறுநாள் விடியலில் இறங்கிவிடும். அப்படி இறங்கினவை கறுப்புப் பைகளில் அடைபட்டு, கீழ்வீட்டு மீன் முள்ளோடும் கோழி எலும்போடும் ஒரே தொட்டியில் விழும். பிறகு லாரி, பிறகு எரிஉலை. தீபாவளி மாதத்தில் ஒருநாள், தான் விடிய விடியக் கட்டிய சம்பங்கி மாலை ஒன்று பை கிழிந்து, யாரோ தின்றுவிட்டுப் போட்ட நண்டு ஓட்டின் மேல் கிடந்ததைப் பார்த்தாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழே ஒரு சமூகத் தோட்டம் இருக்கிறது. கறிவேப்பிலை, வாசனை இலைக்குப் பாண்டான், வேலியெல்லாம் படர்ந்த சங்குப்பூ. அதைப் பார்த்துக்கொள்பவர் யூசுப் பாய். முழுப்பெயர் முகமது யூசுப். செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் வெல்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோட்டத்து மூலையில் பழைய பலகைகளை அடித்துச் சேர்த்து, இடுப்பு உயரத்துக்கு ஒரு பெட்டி செய்து வைத்திருந்தார். அதில் துப்புரவுக்காரர்கள் கூட்டித் தரும் காய்ந்த இலைகளையும் காய்கறித் தோலையும் போட்டு உரமாக்குவார். கோயில் பூவையெல்லாம் அதில் போட்டால் என்ன என்று சரசு கேட்டபோது, பாய் தாடியைத் தடவிக்கொண்டார்.

"போடலாம். பூ நல்ல பச்சை சரக்கு. அது ஒரு பங்குன்னா காஞ்ச இலை ரெண்டு பங்கு போடணும். ஆனா ஒண்ணு சரசு, அது உங்க சாமி பூ. நான் அதுல கைவச்சு, நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக்கூடாது பாரு."

"யாரு சொல்லுவா பாய்? சொன்னா நான் பாத்துக்கறேன்."

கோயில் செயலாளர் வடிவேலு அவ்வளவு சுலபத்தில் சம்மதிக்கவில்லை. கணக்காளராக வேலை பார்க்கிற மனிதர்; எதையும் இரண்டு தடவை கூட்டிப் பார்த்த பிறகுதான் நம்புவார். சாமி மேல் இருந்த பூவை யாரும் மிதிக்கக்கூடாது, குத்திக் கிளறக்கூடாது, பக்கத்துவீட்டார் ஒருத்தரும் முகம் சுளிக்கக்கூடாது. இதில் ஒன்று தவறினாலும் பூ பழையபடி பைக்குள் போய்விடும் என்றார். அப்போதுதான் சரசு அந்த வாக்கைக் கொடுத்தாள்.

முதல் நாள் அவளே செருப்பைக் கழற்றிவிட்டு அடுக்கினாள். கீழே ஒரு படுகை காய்ந்த இலை, மேலே செண்டுமல்லி, அரளி, துளசி, நறுக்கின வாழை இலை, அதன் மேல் மறுபடியும் இலை. நாரில் கட்டிய மாலையை அப்படியே போட்டாள். நைலான் நூலும் ஜிகினாவும் இருந்ததை உட்கார்ந்து பிரித்தாள். இரண்டு நாள் பூவிலேயே பெட்டி நிறைந்துவிட்டது. தோட்டத்துக்குள் மஞ்சளாக ஒரு சின்னக் கோபுரம். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. தெரிந்த எல்லாருக்கும் போட்டோ அனுப்பினாள்.

மூன்றாம் நாள் காலை பாய் கூப்பிட்டார். நீளமான ஒரு கம்பி வெப்பமானியைக் கையில் வைத்திருந்தார். தலையில் முள் ஓடுகிற ஒரு வட்டம், நுனி மட்டும் ஊசி மாதிரி மெல்லிசு. அதைப் பலகை இடுக்கு வழியாகச் செருக வேண்டும்.

"இது கம்பிதான். செருகலாமா?" என்று அனுமதி கேட்டார்.

சரசு யோசித்தாள். "ஊசின்னு வச்சுக்குவோம் பாய். பூ கட்டறதே ஊசியாலதானே சில நேரம்."

பாய் செருகினார். முள் மெல்ல எழுந்து நாற்பது டிகிரியைத் தாண்டி நின்றது. அடுத்த நாள் ஐம்பத்தைந்து. அதற்கடுத்த நாள் அறுபத்திரண்டு. சரசு அந்த வட்டத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பில்லை, வெயில் படாத மூலை, மேலே புளோக்கின் நிழல். பூ தானாகவே வெந்துகொண்டிருக்கிறது.

"யாரு பாய் மூட்டிவிட்டா?"

"கண்ணுக்குத் தெரியாத ஆளுங்க. கோடிக்கணக்குல." பாய் கம்பியை உருவித் துணியில் துடைத்தார். "நம்ம ஷிப்யார்டு ஷிஃப்ட் மாதிரிதான். முதல் ஷிஃப்ட் ஆளுங்க மிதமான சூட்டுல வேலை செய்றவங்க. பூவுல இருக்கிற சக்கரை, மாவு எல்லாத்தையும் அவங்கதான் முதல்ல தின்பாங்க. தின்னத் தின்ன சூடு வரும். நமக்கும் உடம்பு சூடா இருக்கறது சாப்பாட்டாலதானே? குவியல் பெரிசா இருக்கறதால சூடு வெளிய போக முடியாம உள்ளேயே தங்கும். நாப்பது நாப்பத்தஞ்சு தாண்டுனா அவங்களாலயே தாங்க முடியாது. அங்க ரெண்டாவது ஷிஃப்ட் ஏறும். இவங்க கொதிக்கற சூட்டுலதான் வளர்றவங்க. நாரு, புரோட்டீன், கொழுப்புன்னு கெட்டியான சரக்கெல்லாம் இவங்க கணக்கு. கெட்ட கிருமி, களை விதை, ஈ முட்டை எல்லாம் இந்தச் சூட்டுல காலி."

"அப்போ இவங்க எங்க இருந்து வந்தாங்க?"

"எங்கயும் இருந்து வரல. பூவுலயும் இலையிலயும் மண்ணுலயும் ஏற்கனவே இருந்தவங்கதான். அவங்களுக்குன்னு சூடு வர்ற வரைக்கும் தூங்கிட்டிருந்தாங்க."

அன்றைக்குப் பூக்கடையில் அவள் கட்டிய மாலைகளில் முடிச்சு சரியாக விழவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம், தன் நேரம் வரும் வரை ஒரு செண்டுமல்லி இதழில் தூங்கிக்கொண்டிருந்ததாம். சாமி கழுத்தில் இருந்தபோதும் அங்கேதான் இருந்திருக்கிறது. அவள் இத்தனை வருஷமும் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். சிலிர்த்தது.

அத்தோடு விட்டிருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் ஆர்வம் மிஞ்சிப்போனவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். துளசி மாடத்துக்கு ஊற்றுவது மாதிரி, தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீரைக் குவியல் தலையில் ஊற்ற ஆரம்பித்தாள் சரசு. சாமி பூ வேகிறதே, தாகமாயிருக்குமே என்பது அவள் எண்ணம். வடகிழக்குப் பருவமழை வேறு பிய்த்துக்கொண்டு பெய்தது. பாய் ஒரு தடவை மெல்ல வாய் திறந்தார்.

"சூடு நல்லா ஏறுனதும் ஒரு தடவை கிளறிவிடணும் சரசு. உள்ள காத்து தீர்ந்துபோகும். ஓரத்துல இருக்கறது நடுவுக்கு வரவே வராது."

"கிளறறதுன்னா?"

பாய் சுவரில் சாய்த்திருந்த நான்கு பல் மண்கிளறும் ஃபோர்க்கை மோவாயால் காட்டினார். சரசு முகம் சுருங்கியது.

"வாக்கு குடுத்திருக்கேன் பாய்."

"அப்போ சரி" என்று அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் குணம் அது. அடுத்தவர் சாமி விஷயத்தில் அரை வார்த்தை கூடுதலாகப் பேச மாட்டார். அவர் கொஞ்சம் மரியாதை குறைந்த மனிதராக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஒரு வாரம் போனது. முள் இறங்க ஆரம்பித்தது. அறுபதிலிருந்து ஐம்பது, பிறகு நாற்பத்தைந்து, பிறகு நாற்பதுக்கும் கீழே. சரசுவுக்கு ஒரே சந்தோஷம்.

"சாமி குளிர்ந்துட்டாரு பாய்" என்றாள்.

பாய் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம்தான் முதல் நாற்றம் வந்தது. முதலில் புளித்த மாவு மாதிரி. மறுநாள் அழுகின முட்டை. அதற்கும் மறுநாள் என்ன மாதிரி என்று சொல்ல வாய் வராது. இரண்டாம் மாடியில் இருக்கிற அன்னம்மா ஆஸ்துமாக்காரர். ஜன்னலை அறைந்து சாத்தினார். பிறகு திறந்து, தோட்டத்தைப் பார்த்துக் கத்தினார்.

"சரசு! உன் சாமி பூ என் வீட்டுக்குள்ள வருது லா! ராத்திரியெல்லாம் மூச்சு விட முடியல எனக்கு! டவுன் கவுன்சிலுக்குப் போன் போட்டாச்சு, சொல்லிட்டேன்!"

அவர் சொன்னது பொய்யில்லை. வெள்ளிக்கிழமை, புளோக்கைப் பராமரிக்கிற அந்த டவுன் கவுன்சிலிலிருந்து பாய்க்கு அழைப்பு வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் நாற்றம் நிற்காவிட்டால் பெட்டியைக் காலி செய்ய லாரி வரும். லாரி வந்தால் எங்கே போகும் என்று சரசுவுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே எரிஉலை. இந்த முறை அவள் கையாலேயே அடுக்கின குவியல், மொத்தமாக. வடிவேலு காதுக்கும் செய்தி போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அழுதாள். வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், அரிசி களைகிறபோது சிங்க்கின் முன்னால் நின்று அழுதாள். கிளறினால் வாக்கு போகும். கிளறாவிட்டால் பூ போகும். எந்தப் பக்கம் பார்த்தாலும் சாமியிடம் அவள்தான் பொய்க்காரி.

சனிக்கிழமை காலை வழக்கம்போல மல்லிகைப் பெட்டி வந்தது. மதுரையிலிருந்து விமானத்தில் வருகிற சரக்கு, அன்றைக்கு விமானம் தாமதம். ஐஸ் பை உருகிவிட்டது. பெட்டியின் நாடாவை அறுத்தவுடனே கையை முழங்கை வரை உள்ளே விட்டாள். அது அவள் கைக்குத் தானாக வருகிற வேலை; பூ வியாபாரத்தில் இருக்கிற எல்லாரும் செய்வது. ஓரத்து மொக்கு குளிர்ச்சியாக இருந்தது. நடுவில் வெதுவெதுவென்று, காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்து மாதிரி. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் நடுப்பூ பழுத்து வெந்துபோயிருக்கும். அவசரமாகப் பெட்டியை விரித்த சாக்கில் கவிழ்த்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளி உதறினாள். அடியில் இருந்தது மேலே, நடுவில் இருந்தது ஓரத்துக்கு. காற்றுப் பட்டதும் பூ ஆறியது, வாசனை எழுந்தது.

உதறிய கை அப்படியே நின்றது.

இதைத்தான் தினமும் செய்கிறாள். இருபது வருஷத்துக்கு மேலாகச் சாமிக்குப் போகிற பூவையே அவள் கவிழ்த்து, கலைத்து, உதறி, மேல் கீழாக்கித்தான் மாலை கட்டுகிறாள். அதை யாரும் அவமரியாதை என்று சொன்னதில்லை. உதறாமல் விட்டால்தான் பூவுக்கு அவமரியாதை. அடைத்து வைத்தால் பூ வெந்து சாகும் என்று தெரிந்த கை, தோட்டத்துப் பெட்டியில் மட்டும் ஏன் மரத்துப்போய் நின்றது? சரசுவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நடந்தாள். நடந்தாள் என்று சொல்வது சரியில்லை, ஓடினாள்.

பாய் பாண்டானுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"பாய், மல்லிப் பூ பெட்டிக்குள்ள ஏன் சூடாவுது?"

"பறிச்சாலும் உசிரு இருக்குல்ல. மூச்சு விடுது. மூச்சு விட்டா சூடு வரும்."

"அப்போ இங்க இருக்கறவங்களும்?"

"இவங்களும்தான். மூச்சு விட்டு, காத்தெல்லாம் தீர்த்துட்டாங்க. நீ ஊத்துன தண்ணி, மழைத் தண்ணி, எல்லாம் சேர்ந்து இருக்கற இடுக்கையெல்லாம் அடைச்சிடுச்சு. காத்து வேணும்ங்கற ஆளுங்க நடுவுல செத்துட்டாங்க, இல்ல தூங்கிட்டாங்க. காத்தே வேணாம்ங்கற வேற கூட்டம் அங்க உக்காந்துடுச்சு. நாத்தம் அவங்க வேலை." பாய் எழுந்து கையைத் தட்டினார். "முதல்லயே இதைச் சத்தமா சொல்லியிருக்கணும் நான். உன் சாமின்னு தயங்கிட்டேன். தப்பு என்மேலயும் இருக்கு."

"ஊத்துனது நான்தானே. இப்ப கிளறப்போறேன்."

"உன் வாக்கு?"

"என் வாக்கு. உடைச்சா நான்தான் உடைக்கணும். செயலாளர்கிட்ட நானே சொல்லிக்கறேன்."

செருப்பைக் கழற்றினாள். பெட்டியின் முன்பலகையைப் பாய் உருவி எடுத்தார். சரசு ஒரு நொடி கண்ணை மூடி, யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ அவரிடம் கேட்டுவிட்டு, முதலில் வெறுங்கையையே விட்டாள். கம்பி படாமல் முடிந்தால் நல்லதுதானே என்று ஒரு சின்ன ஆசை.

ஓரத்துப் பூ ஒன்றுமே ஆகாமல் கிடந்தது. போட்ட அன்றைய செண்டுமல்லி, வாடியிருந்ததே தவிர இதழ் இதழாக அப்படியே. அதை ஒதுக்கி ஒரு சாண் உள்ளே போனபோது, கை ஒரு சாம்பல் படுகையில் பட்டது. வெள்ளை வெளேரென்று, இலை மேலும் காம்பு மேலும் மெல்லிசாகப் பூசினாற்போல.

"பாய்! திருநீறு!"

பாய் குனிந்து பார்த்தார். "அதுவும் அந்தக் கூட்டத்துல ஒரு சாதிதான் சரசு. நூல் நூலா வளரும். சூடு அதிகமாகி, கொஞ்சம் காய்ஞ்ச இடமாப் பாத்து உக்காரும். பின்னால மழை மண் வாசனை வரும் பாரு, அதைச் செய்றது இவங்க வகையறாதான்."

யாரும் பூசாத இடத்தில் திருநீறு பூத்திருக்கிறது. பாய் சொன்னது அத்தனையும் நிஜம் என்று அவள் நம்பினாள். நம்பின பிறகும் அது அவளுக்குத் திருநீறுதான். அந்தப் படுகையைத் தாண்டி விரலை நுழைத்தாள். அடுத்த நொடி "அம்மா!" என்று கையை உதறிக்கொண்டு பின்னால் வந்தாள். கொதிக்கிற சாம்பார்ப் பாத்திரத்தைத் தொட்டாற்போல் இருந்தது. அடி வயிறு அழுகிக்கிடந்தாலும், காற்றுப் படுகிற தோள்பட்டையில் அந்த இரண்டாவது ஷிஃப்ட் இன்னும் வேலையை விடவில்லை.

"கையால ஆவாது" என்றாள் சரசு. "குடுங்க அதை."

பாய் ஃபோர்க்கை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். அவள் அதை வாங்கி, குவியலின் தோளில் இறக்கி, நெம்பினாள்.

ஆவி எழுந்தது. மழை விட்ட காலை, காற்று ஈரமாகக் கனத்துக்கிடந்த நேரம். பிளந்த இடத்திலிருந்து வெள்ளையாக, உருண்டு உருண்டு, பெரிய இட்லிப் பானையின் மூடியைத் திறந்த மாதிரி எழும்பி, சங்குப்பூ வேலியைத் தாண்டி முதல் மாடி வரை போனது. அவள் நெம்பிக்கொண்டே இருந்தாள். மேலே பொன் நிறம், அதன் கீழே திருநீறு வெள்ளை, அதன் கீழே காப்பித்தூள் மாதிரி உதிர்கிற பழுப்பு. அடியில் கறுப்புச் சேறு. அந்தச் சேறு வெளிப்பட்டதும் நாற்றம் வந்து முகத்தில் அறைந்தது. மேலே அன்னம்மாவின் ஜன்னல் திறந்தது.

"ஐயோ! இன்னும் மோசமாக்கறியா நீ?"

"ஒரு நாள் பொறுத்துக்குங்க அன்னம்மாக்கா! வயித்துல அடைச்சதை வெளிய எடுக்கறேன்!"

சேற்றைத் தனியாகப் பரப்பி, அதில் மூட்டை மூட்டையாகக் காய்ந்த இலையைக் கலந்தார்கள். ஈரம் பிழிந்த துணியளவுக்கு வந்ததும் பாய் போதுமென்றார். பிறகு மறுபடியும் அடுக்கு. இந்தத் தடவை ஓரத்தில் கிடந்த, சூட்டையே பார்க்காத பூவெல்லாம் நடுவுக்குப் போனது. நடுவில் வெந்தது வெளியே வந்தது. இருவரும் கலவையாக வாரி வாரி, அமுக்காமல், லேசாகக் குவித்தார்கள். மேலே மழைக்கு ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்தார் பாய். முடித்தபோது சரசுவின் சேலை முழங்கால் வரை கறுப்பு, தலையெல்லாம் இதழ்.

சாயங்காலம் வெப்பமானியைச் செருகினாள். முப்பத்து மூன்று. வெளிக்காற்றுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

காலையில் கையைச் சுட்டதே, அந்தச் சூடு எங்கே? அத்தனை கோடிப் பேரையும் கம்பியால் குத்திக் கொன்றுவிட்டேனா? பாய் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"இறங்கித்தான் ஏறும் சரசு. உள்ள இருந்த சூட்டையெல்லாம் காத்துல விட்டுட்டோம்ல. முதல் ஷிஃப்ட்லேர்ந்து மறுபடி ஆரம்பிக்கணும். தீனி இருக்கு, காத்து இருக்கு. போய்த் தூங்கு."

எங்கே தூங்குவது! புரண்டு புரண்டு படுத்தாள்.

ஞாயிறு காலை பல்கூட விளக்காமல் இறங்கி வந்தாள். முள் நாற்பத்தாறில் நின்றது. அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் யாருமில்லாததால் கறிவேப்பிலையிடம் சொன்னாள். குனிந்து முகர்ந்தாள். அழுகல் வாடை மங்கலாக எங்கேயோ ஒரு ஓரத்தில் இருந்தது. அதற்கு மேலே ஈர இலை வாசனை. மத்தியானம் ஐம்பத்து நான்கு. இருப்புக் கொள்ளவில்லை அவளுக்கு, கடைக்கும் குவியலுக்குமாக நடந்து நடந்து கால் வீங்கிப்போனது.

சாயங்காலம் வடிவேலு வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. மாலைப் பூசைக்குப் போகிற வழி. பாய் சற்றுத் தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வடிவேலு சுற்றிப் பார்த்தார், முகர்ந்தார், முதல் கேள்வியே நேராக வந்தது.

"கம்பி பட்டுச்சா?"

"பட்டுச்சு அண்ணே." சரசு தலையைக் குனியவில்லை. "நான்தான் குத்துனேன். அடியில இருந்ததை மேல போட்டேன், மேல இருந்ததை அடியில போட்டேன். பாய் தானா கைவைக்கல, நான் சொன்னப்புறம்தான் வச்சாரு. வாக்கு தவறுனது நான். ஆனா நான் குடுத்த வாக்குதான் அண்ணே தப்பு. அடைச்சு வச்சா மூச்சு முட்டி அழுகிப்போவுது. தினம் சாமிக்கு மாலை கட்டறப்போ பூவை உதறித்தானே கட்டறேன். இதுவும் அதேதான். நாளைக்கு நீங்க பூ அனுப்ப வேணாம்னா அனுப்ப வேணாம். இதை மட்டும் லாரியில ஏத்த விடாதீங்க. இன்னும் முடியல இது. உயிரோட இருக்கு."

சொல்லிவிட்டு, சுவரில் சாய்த்திருந்த ஃபோர்க்கைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

வடிவேலு எதையும் இரண்டு தடவை கூட்டிப் பார்க்கிறவர் என்று சொன்னேனே. அவர் குவியலுக்குப் பக்கத்தில் வந்தார். வெப்பமானி ஐம்பத்தெட்டைக் காட்டியது, அதை நம்பவில்லை. தகரத்தைத் தூக்கச் சொன்னார். பாய் தூக்கினார். மேல் இலையைச் சரசு ஃபோர்க் நுனியால் லேசாக விலக்கினாள். பழுப்பும் பொன்னுமாகக் கலந்த அந்தப் பிளவிலிருந்து, சத்தமில்லாமல் வெள்ளை ஆவி எழுந்து அவர் முகத்தைத் தொட்டது. அழுகல் இல்லை. வேகவைத்த கிழங்கு மாதிரி, முதல் மழை மாதிரி ஒரு வாசனை.

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, செருப்பைக் காலால் தள்ளிக் கழற்றினார். இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டி, அந்த ஆவிக்கு மேலே காட்டினார். சூடு கையில் ஏறியதும், தீபாராதனைத் தட்டு முன்னால் செய்வது போல, கைகளை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மேலே ஏதோ சத்தம் கேட்டுச் சரசு நிமிர்ந்தாள். இரண்டாம் மாடி ஜன்னல் முழுசாகத் திறந்திருந்தது. அன்னம்மா முழங்கையை ஊன்றி, கன்னத்தில் கை வைத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாத்தம் போயிடுச்சு லா சரசு" என்றார். "லாரி வேணாம்னு நானே போன் பண்றேன்."

வடிவேலு கண்ணிலிருந்து கையை எடுத்து, தன் உள்ளங்கையைத் தானே பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கணக்காளர் குரலைத் தேடிப் பிடித்தார்.

"அடுத்து எப்ப கிளறணும்?"

"சூடு மறுபடி உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பிச்சதும்" என்றார் பாய். "இல்ல, எழுபதைத் தாண்டப் பாத்தாலும் கிளறணும். அதுக்கு மேல போனா அவங்களே செத்துடுவாங்க. நாலஞ்சு நாள் ஆவலாம்."

"எனக்குப் போன் பண்ணுங்க பாய்." வடிவேலு சரசு கையிலிருந்த ஃபோர்க்கைப் பார்த்தார். "இன்னொண்ணு இருக்கா இது மாதிரி?"

"இருக்கு."

"அப்போ நான் ஒரு பக்கம் பிடிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடேயே கோயில் பக்கம் நடந்தார். செருப்பு குவியல் பக்கத்திலேயே கிடந்தது. சரசு அதை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினாள்.